கடைசி வினாவின் விடை மட்டும் எங்கே போனது?

தேர்வு இணையதளக் குழுவுக்கு ஒரு கல்லூரி மாணவி எழுதிய கடிதத்தில் முதலில் இருப்பது நேரம். தேர்வு முடிவது 11.30 மணிக்கு. 11.28-க்கு 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, திரை அசையவில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் "504 Gateway Time-out" என்று வந்தது. மீண்டும் உள்ளே நுழைந்தபோது முதல் நான்கு விடைகள் அப்படியே இருந்தன. ஐந்தாவதின் கட்டம் காலி.

அந்த ஐந்தாவதில்தான் விஷயமே இருக்கிறது. இணைய இணைப்பு கெட்டிருந்தால் அந்த 504 செய்தியே அவரை எட்டியிருக்காது. ஒவ்வொரு வினாவிலும் 'அடுத்து' அழுத்தும்போது விடை சர்வருக்குப் போய்ச் சேமிக்கப்படுகிறது. கடைசி வினாவுக்கு 'அடுத்து' கிடையாது. அந்த விடை இறுதிச் சமர்ப்பிப்போடு மட்டுமே பயணிக்கிறது என்று மாணவி ஊகிக்கிறார். சரியான ஊகம் என்றே படுகிறது.

அந்த நேரத்தில்தான் எல்லோரும் பட்டனை அழுத்துகிறார்கள். சர்வர் ஒரே சமயத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கோரிக்கைகளையே கவனிக்கும், மற்றவை வரிசையில் நிற்கும். வாசலில் கோரிக்கைகளை வாங்கும் சர்வர், உள்ளே இருக்கும் சர்வரின் பதிலுக்காக ஓரளவுதான் காத்திருக்கும். பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் அது 60 விநாடி. அதைத் தாண்டினால் 504.

பலர் இங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 504 வந்தால் விடை தொலைந்தது என்று அர்த்தமில்லை. வாசல் சர்வர் பொறுமையிழந்த பிறகும் உள்சர்வர் வேலையை முடித்து விடையை எழுதி வைத்திருக்கலாம். பதிவேட்டில் கோரிக்கை வந்த நேரம் தெரியும். ஆனால் விடையின் வாசகம் வழக்கமாக அதில் இருக்காது, தரவுத்தளத்தில்தான் தேட வேண்டும். "காலிக் கட்டத்தை வைத்து மதிப்பெண் போடும் முன் அதைப் பாருங்கள்" என்கிறார் மாணவி. நியாயமான கோரிக்கை.

அடுத்த தேர்வுக்கு அவர் கேட்பது தானியங்கிச் சேமிப்பு. மூடுல் மென்பொருளில் இந்த வசதி ஏற்கெனவே உண்டு: தட்டச்சு செய்யும்போதே, வழக்கமான அமைப்பில் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, விடை சர்வருக்குப் போய்விடும். நேரம் முடிந்ததும் தானே சமர்ப்பிக்கும் அமைப்பும் இருக்கிறது. அப்படியானால் கடைசி பட்டன் நீண்ட விடையைச் சுமக்க வேண்டியதில்லை, 'முடித்துவிட்டேன்' என்று சொன்னால் போதும். பிரவுசரிலும் ஒரு பிரதி வைக்கலாம். ஆனால் ஆய்வகக் கணினி மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடும் வகையாக இருந்தால் அது உதவாது.

சமர்ப்பித்ததும் நேரத்தோடு ஒரு ஒப்புகை எண்ணும் வேண்டும் என்கிறார். பதில் வராமல் மாணவர் இரண்டாவது முறை அழுத்தினாலும் அதே எண்ணே வர வேண்டும். வெற்றுக் கட்டம் பழைய விடையின் மேல் எழுதப்படக் கூடாது.

திரைப்படத்தை இணைத்து, தேர்வு நடந்த அன்றே கடிதத்தை அனுப்பிவிட்டார். பல சர்வர்களில் பழைய பதிவேடுகள் சில வாரங்களில் தானாக அழிக்கப்படுகின்றன.