வெள்ளத்தில் போன பி.பி.ஓ.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வீடுகளுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் சேறாயின. அப்படி ஒரு வீட்டில், மத்திய அரசின் சுங்கத் துறையில் வேலை பார்த்து 2009 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நகை பத்திரமாக இருந்தது, பட்டா நகல் தாலுகா ஆபீஸில் கிடைத்துவிட்டது. போனது பி.பி.ஓ. புத்தகம், அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணை. மாதாமாதம் வங்கியில் பணம் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதனால் யாரும் அதைத் தேடவும் இல்லை.

தேட வேண்டிய நாள் 2024 ஆகஸ்டில் வந்தது. ஓய்வு பெற்ற வேளையில் அவருக்கு ஓய்வூதியம் 9,000 ரூபாய். அதில் 40 சதவீதத்தை, அதாவது 3,600 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மூன்றரை லட்சம் ரூபாயை மொத்தமாக வாங்கியிருந்தார். இதைத்தான் கம்யூட்டேஷன் என்கிறார்கள். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்ப வந்துவிடும். 2016-இல் ஓய்வூதியம் 2.57 மடங்காகி 23,130 ஆனபோதும் அதே 3,600 கழிந்து 19,530 தான் அடிப்படையாகக் கைக்கு வந்தது. மொத்தத் தொகை 2009 ஆகஸ்டில் கணக்கில் ஏறியது, ஆகவே 2024 ஆகஸ்டில் அந்தக் கழிவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கிளையில் போய்க் கேட்டால், "பி.பி.ஓ.வில் கம்யூட்டேஷன் தேதி என்ன போட்டிருக்கு, காட்டுங்க சார்" என்றார்கள்.

இந்த இடத்தில் பலரும் முதல் தவறைச் செய்கிறார்கள். புத்தகத்தைக் கொடுத்தது கணக்கு அலுவலகம்தானே என்று நேரே அங்கே மனு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மனு அங்கிருந்து வங்கிக்குப் போய், வங்கியிலிருந்து திரும்பி வரும். தொடங்க வேண்டிய இடம் பணம் வழங்கும் இடம். ஏன் என்பது புத்தகத்தின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

பி.பி.ஓ. எப்போதும் இரண்டு பாதிகளாகவே வெளியிடப்பட்டது. ஒன்று பணம் வழங்குபவருக்கு, மற்றது ஓய்வூதியருக்கு. முன்பெல்லாம் ஒவ்வொரு மாதப் பட்டுவாடாவையும் இரண்டிலும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். இரண்டும் பொருந்தினால்தான் பணம். ஒரே ஆணையைக் காட்டி இரண்டு இடங்களில் பணம் வாங்கிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். ஆக நம்மிடம் தொலைந்தது ஒரு பாதிதான், மறுபாதி வழங்குபவரிடம் இருக்கிறது. உரிமை அந்தப் பாதியிலும் கணக்கு அலுவலகக் கோப்பிலும் பத்திரமாக இருக்கிறது. நகல் கொடுக்கும் முன் அரசுக்கு இருக்கும் ஒரே கவலை, தொலைந்த புத்தகத்தை வைத்து வேறெங்கும் பணம் எடுக்கப்பட்டிருக்கிறதா, இனி எடுக்கப்படுமா என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் பணம் வழங்குபவர். எந்தத் தேதி வரை பணம் வழங்கப்பட்டது, தொலைந்த ஆணையின் பேரில் வேறு வழங்கல் இல்லை என்று அவர் தரும் சான்றோடு மனு மேலே போனால்தான் வேலை நடக்கும்.

நம் பெரியவருக்கு அந்த இடம் வங்கி. கிளை மேலாளருக்கு மனு எழுதினால், கிளை அதைத் தன் வங்கியின் மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து டெல்லியில் உள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கும், முதலில் ஆணை வெளியிட்ட துறைக் கணக்கு அலுவலகத்துக்கும் விவகாரம் போகும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியராக இருந்தால் கதை வேறு. அங்கே வங்கி என்பது பணம் வந்து விழும் பெட்டி மட்டுமே. வழங்குவது கருவூலம், சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். ஆணை வெளியிட்டது தேனாம்பேட்டையில் உள்ள மாநில முதன்மைக் கணக்காயர் அலுவலகம். வங்கி மேலாளரிடம் போய் நின்றால் அவர் கையை விரிப்பார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

மனுவில் எல்லாவற்றையும்விட முக்கியம் பி.பி.ஓ. எண். புத்தகமே போன பிறகு எண்ணுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் வழியாகப் பதிந்திருந்தால் அதில் இந்த எண் இருக்கும். வங்கி தரும் ஓய்வூதியச் சீட்டில் இருக்கும். ஓய்வூதியம் திருத்தப்பட்டபோது வந்த ஆணையிலும் இருக்கும். மத்திய அரசுச் சிவில் ஓய்வூதியரின் எண் 12 இலக்கம். முதல் ஐந்து ஆணை வெளியிட்ட அலுவலகத்தின் குறியீடு, அடுத்த இரண்டு ஆண்டு, அதன் பின் நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். நம் பெரியவரின் ஆணை 2009-இல் வெளியானது என்றால் ஆறாவது, ஏழாவது இடத்தில் 09 இருக்க வேண்டும். பழைய டைரியில் கிறுக்கிவைத்த எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போயிருந்தால் இந்தக் கணக்கில் சட்டென்று தெரிந்துவிடும்.

காவல் நிலையம் போக வேண்டுமா? தொலைந்திருந்தால், பெரும்பாலும் கேட்பார்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கு வீட்டிலிருந்தே பதியும் வசதி இருக்கிறது. ஆனால் அது பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்று போன்ற சில ஆவணங்களுக்கானது. பி.பி.ஓ.வுக்கு நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதே நடைமுறை. புகாரில் பி.பி.ஓ. எண்ணை எழுத மறக்கக் கூடாது. "ஓய்வூதிய ஆவணங்கள் காணவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய ரசீதை மேலே ஏற்காமல் திருப்பிவிடுவார்கள்.

நனைந்த புத்தகம் வேறு, தொலைந்த புத்தகம் வேறு. தாள் ஒட்டிப்போய், மை கலைந்து, எண்ணும் பெயரும் மட்டும் தெரிகிற நிலையில் இருந்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். சிதைந்த பிரதியை ஒப்படைத்துவிட்டுப் புதியது கேட்கும்போது, வேறொருவர் கையில் சிக்கியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நிழலில் உலர்த்தி, படம் எடுத்துவிட்டு, உறையில் போட்டு மனுவோடு கொடுங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் வீட்டைக் கழுவும் வேகத்தில் இந்தச் சின்ன விஷயம்தான் தப்பிவிடுகிறது.

நகல் வந்ததும் அலமாரியில் வைத்துவிடாமல் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கம்யூட்டேஷன் தொகையும் அது கழியத் தொடங்கிய தேதியும். பெரியவரின் 3,600 ரூபாய் திரும்புவது அதை நம்பித்தான் இருக்கிறது. இரண்டாவது, மனைவியின் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்பது. புத்தகத்தில் "லட்சுமி" என்றும் ஆதாரில் "முத்துலட்சுமி" என்றும் இருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்போது ஒரு திருத்த மனுவில் முடிகிற வேலை, அவர் காலமான பிறகு வாரிசுச் சான்று வரைக்கும் இழுக்கும். மூன்றாவது, மனைவியின் பிறந்த தேதி. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். பழைய ஆணைகள் பலவற்றில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. நகலுக்கு மனு போடும்போதே ஆதார் அல்லது பான் அட்டையின் பிரதியைச் சேர்த்து இதையும் கேட்டுவிடலாம்.

கணவர் இறந்த பிறகு புத்தகம் காணோம் என்று தெரியவந்தால், நகல் வரும்வரை குடும்ப ஓய்வூதியம் நிற்க வேண்டும் என்பதில்லை. மத்திய அரசின் விதிப்படி, ஆணையில் மனைவியின் பெயர் இருந்து, இருவருக்கும் கூட்டுக் கணக்கும் இருந்தால், ஒரு கடிதம், இறப்புச் சான்று, வயதுச் சான்று, கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி ஆகியவை போதும். பி.பி.ஓ. பிரதி கிடைத்தால் தரலாம், அவ்வளவே. "புத்தகம் இல்லாமல் முடியாதும்மா" என்று கிளையில் சொன்னால், இதைச் சொல்லி மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அண்மைக் காலத்தில் ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்த அலைச்சல் பெரிதும் குறைந்துவிட்டது. அவர்களுடைய மின்னணு ஆணையை DigiLocker செயலியில் இறக்கிக்கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்களுக்கும் அதில் வழி உண்டு. 2009-க்காரர் கதைதான் இன்னும் தாளில் கிடக்கிறது.

பணிப்பதிவேட்டின் சங்கதி இதற்கு நேர்மாறு. அலுவலகத்தில் எஸ்.ஆர். என்று சொல்லும் அந்தப் புத்தகத்தை மத்திய அரசு இரண்டு பிரதிகளாக வைக்கச் சொல்கிறது. ஒன்று அலுவலகத் தலைவரிடம், மற்றது ஊழியரிடம். ஆண்டுதோறும் ஜனவரியில் ஊழியர் தன் பிரதியைக் கொடுக்க வேண்டும், அலுவலகம் 30 நாளில் பதிவுகளை ஏற்றித் திருப்பித் தர வேண்டும். ஊழியர் தன் பிரதியைத் தொலைத்தால் 500 ரூபாய் கட்டி வேறு பெறலாம். விதி இப்படி இருந்தாலும் இரண்டாம் பிரதியைக் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

பணியில் இருப்பவருக்குத் தன் பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் நல்ல வழி. பத்து ரூபாய் கட்டணம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 30 நாளில் பதில். ஓய்வு பெற்றவர் கேட்கும்போது காலம் குறுக்கே நிற்கும். இறுதி ஓய்வூதிய ஆணை வெளியாகி மூன்று ஆண்டு கடந்தால் பணிப்பதிவேட்டை அழித்துவிடலாம் என்பது மத்திய அரசின் ஆவணப் பாதுகாப்பு அட்டவணை. பத்து வருடம் கழித்து ஊதிய நிர்ணயத்தில் தவறு கண்டு வழக்குப் போட நினைப்பவருக்கு "ஆவணம் இல்லை" என்ற பதில் வந்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும் ஆண்டிலேயே முழுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

அலுவலகமே பதிவேட்டைத் தொலைத்துவிட்டால், ஓய்வு பெறப்போகிறவருக்கு அது பெரிய திகில். ஆனால் அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. சம்பளப் பட்டியல்கள், பட்டுவாடாப் பதிவேடுகள், இடமாறுதல் ஆணைகள், கடைசிச் சம்பளச் சான்றுகள் இவற்றிலிருந்து பதிவேட்டைப் புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டியது அலுவலகத் தலைவரின் பொறுப்பு. அப்படியும் ஏதாவது ஒரு காலத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்றால், அந்தக் காலத்தில் தான் உண்மையில் பணியாற்றியதாக ஊழியர் வெள்ளைத் தாளில் எழுதி, உறுதிமொழியும் சேர்த்து, கையில் இருக்கும் ஆதாரங்களைக் கொடுக்கலாம். அலுவலகத் தலைவருக்குத் திருப்தி ஏற்பட்டால் அந்தக் காலத்தை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஆதாரங்களில் ஊழியர் கையிலேயே இருக்கக்கூடியவை பழைய சம்பளச் சீட்டும் வருங்கால வைப்பு நிதியின் ஆண்டுக் கணக்குச் சீட்டும். இரண்டிலும் ஆண்டு அச்சாகியிருக்கும், எந்த அலுவலகம் என்பதும் இருக்கும். விடுபட்ட காலத்துக்கு இவற்றைத்தான் முதலில் தேடி எடுக்க வேண்டும்.