“இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?” – முடியாது என்பதை முறையாகச் சொல்வது எப்படி?

கிள்ளான் – வேலைக்கு ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்களில் அடிக்கடி நடப்பது இது. நேர்முகத் தேர்வு முடிந்து, பிடித்த ஒருவருக்கு நியமனக் கடிதம் போகிறது. மறுநாள் அவர் புலனத்தில் கேட்கிறார்: “சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?”

முதலாளிக்கு மனம் சுருக்கென்கிறது. சிலர் பதிலே போடுவதில்லை. சிலர் “பிறகு பார்த்துக்கலாம்” என்று மழுப்புகிறார்கள். இரண்டுமே நல்ல ஆளை இழக்கும் வழிகள். கேட்பது குற்றமில்லை, மறுப்பதும் குற்றமில்லை. எதை மாற்ற முடியாது, எதை மாற்ற முடியும் என்று பிரித்துச் சொல்லாததுதான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். போர்ட் கிள்ளானில் 15 பேர் வேலை செய்யும் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுகிறது. காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பட்டதாரிப் பெண் தேர்வாகிறார். நிறுவனம் தருவதாகச் சொன்னது 3,200 ரிங்கிட். அவர் கேட்பது 3,800.

*600 ரிங்கிட் மட்டும்தானா?*

மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் 600 ரிங்கிட்தான். ஆனால், அதே கணக்குப் பிரிவில் ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 3,450, நான்கு ஆண்டு உள்ளவருக்கு 3,500. புதியவர் 3,800க்கு வந்தால், இன்றோ நாளையோ அது அவர்கள் காதுக்குப் போகும். அவர்களையும் 3,800க்கு உயர்த்த வேண்டும்.

அப்போது மாதச் செலவு 600 அன்று; 600, 350, 300 சேர்ந்து 1,250 ரிங்கிட். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி கட்டும் இபிஎப் சந்தா 13 விழுக்காடு. அதையும் சொக்சோ, வேலைக் காப்புறுதிச் சந்தாக்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,440 ரிங்கிட். ஆண்டுக்கு 17,000 ரிங்கிட்டைத் தாண்டும். நிறுவனம் மறுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் போடும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்ணப்பதாரரின் அனுபவம் அந்த இருவருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது மாற்ற வேண்டியது முதலில் சொன்ன தொகையைத்தான். நம் எடுத்துக்காட்டில் அவருக்கு இருப்பது ஓராண்டு அனுபவம். ஆகவே அடிப்படைச் சம்பளம் 3,200தான், அது நகராது.

*எது நகரும்?*

அந்த நிறுவனத்தால் மூன்று விஷயங்களை மாற்ற முடியும்.

முதலாவது, சம்பள மறுபரிசீலனை. ஆண்டு இறுதிவரை காத்திருக்காமல், ஆறாவது மாதத்தில் செய்யலாம். மாதக் கடைசிக் கணக்கை யார் உதவியும் இன்றி முடிக்கும் நிலைக்கு அவர் வந்திருந்தால் 150 ரிங்கிட் உயர்வு. அப்போதும் சம்பளம் 3,350தான், மூத்தவர்களைத் தாண்டாது.

இரண்டாவது, மாதம் 150 ரிங்கிட் பயணப்படி. காப்பாரிலிருந்து தினமும் வந்து போகிறவருக்கு இது உண்மையான உதவி. ஆனால், பயணப்படிக்கு இபிஎப் சந்தா கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாக அவர் நினைப்பார்.

மூன்றாவது, விடுமுறை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுமுறை. அதை 12 நாளாகத் தரலாம். அது சட்டம் சொல்லும் குறைந்த அளவுதான். கூடுதலாகத் தருவதை யாரும் தடுக்கவில்லை.

*எப்படிச் சொல்வது?*

முடிந்தவரை தொலைபேசியில் பேசுவது நல்லது. எழுத்தில் மட்டும் வரும் மறுப்பு, எவ்வளவு மென்மையாக எழுதினாலும் கடுமையாகத் தெரியும். மனிதவளப் பொறுப்பாளர் இப்படிப் பேசலாம்:

“வணக்கம்மா. நீங்க கேட்டதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். கேட்டதுல தப்பு ஒன்னும் இல்ல. ஆனா 3,800 எங்களால கொடுக்க முடியாது. அதே வேலையில ஏற்கெனவே இருக்கறவங்க சம்பளத்தோட ஒத்துப் போகணும். அதனால அடிப்படைச் சம்பளம் 3,200தான், அது மாறாது. மாத்தக்கூடியது மூனு இருக்கு, சொல்றேன்…”

‘முடியாது’ என்பது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பத்து நிமிடம் பாராட்டிவிட்டு மறுத்தால், கேட்பவர் அந்தப் பத்து நிமிடமும் நம்பிக்கை வளர்த்துக்கொண்டிருப்பார். காரணம் உண்மையானது, ஆனால் மற்றவர்களின் சம்பளத் தொகை வெளியே வரவில்லை. “பட்ஜெட் இல்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் புது லோரி வாங்கினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

பேசி முடித்த அன்றே, நியமனக் கடிதத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும். மறுபரிசீலனை நடக்கும் மாதம், தொகை, நிபந்தனை மூன்றும் அதில் இருக்க வேண்டும். “ஆறு மாதம் கழித்துப் பரிசீலிக்கப்படும்” என்று மட்டும் எழுதினால் அது வாக்குறுதி ஆகாது. அன்று பேசியவர் வேலை மாறிப் போய்விட்டால், புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது.

யோசிக்க இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். “இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறார்” என்று நெருக்கினால், வேறு வழியில்லாமல் சேருவார். ஆனால் வேலை தேடுவதை நிறுத்த மாட்டார். அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால், நன்றி சொல்லி வழியனுப்புவதோடு சரி. கூட்டிக் கேட்டார் என்பதற்காக நியமனத்தையே திரும்பப் பெறும் நிறுவனத்தைப் பற்றி நாலு பேரிடம் பேச்சு பரவும்.

*விண்ணப்பதாரர் கவனிக்க வேண்டியது*

தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கும் இது உதவும். மறுப்பு உண்மையானதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: “அடிப்படைச் சம்பளம் மாறாதுன்னா, வேற எது மாறும்?” உண்மையான பதில் தொகையோடும் தேதியோடும் வரும். “வேலையைக் காட்டுங்க, தானா வரும்” என்பது பதிலாகாது. ஒத்துக்கொண்டதை எழுத்தில் கேட்பதும் தவறல்ல.

ஒரு விஷயம் மட்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். அது அடிப்படைச் சம்பளமாகவே இருக்க வேண்டும். 1,500 ரிங்கிட் சம்பளம், 200 ரிங்கிட் பயணப்படி என்று பிரித்துக் காட்டினால், கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் அது சட்டப்படி செல்லாது.