பனிச் சாலையில் நிற்கத் தெரிந்த கார்

கனடாவின் டொரொண்டோ பகுதியில் குடியேறிய குடும்பம், முதல் குளிர்காலம் நெருங்கும் வேளையில்தான் கார் வாங்குவதைத் தீவிரமாக யோசிக்கத் தொடங்கும். ஸ்காபரோவின் பேருந்து நிறுத்தத்தில், மைனஸ் பதினைந்து டிகிரிக் குளிரில், கைக்குழந்தையோடு ஒருமுறை காத்து நின்றவர்கள் அதற்குமேல் தள்ளிப்போட மாட்டார்கள். அப்போது முன்னமே வந்து வேரூன்றிய உறவினர் யாராவது அக்கறையோடு சொல்வார்: "தம்பி, ஆல் வீல் டிரைவ் இருக்கிற காராப் பார்த்து எடும். பிறகு ஸ்நோவுக்குப் பயப்பிடத் தேவையில்லை."

இந்த அறிவுரையில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பிப் பணத்தைச் செலவழித்தால், அந்தப் பணம் காக்க வேண்டிய இடத்தில் காக்காது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தின் கையில் 17,000 டாலர் இருக்கிறது. பழைய கார் விற்கும் கடையில் இரண்டு கார்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று, ஆல் வீல் டிரைவ் உள்ள சிறிய கிராஸ்ஓவர், 15,000 டாலர். மற்றது, அதே வயதுள்ள, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் செடான், 12,500 டாலர். இரண்டிலும் சூடாகும் இருக்கைகள் உண்டு. இரண்டிலும் ஓடிக் களைத்த ஆல் சீசன் டயர்கள். ஒன்டாரியோவின் 13 சதவீத விற்பனை வரியைச் சேர்த்தால் கிராஸ்ஓவர் 16,950 டாலர் ஆகிவிடும். மிச்சம் ஐம்பது டாலர். டயர் மாற்றக் காசில்லை. செடானுக்கு வரியோடு 14,125. இரும்பு ரிம்மோடு நான்கு விண்டர் டயர்களுக்கு ஆயிரம் டாலரும் அதற்கான வரியும் வைத்துக்கொண்டால் மொத்தம் 15,255. எந்தக் காரை எடுப்பது?

ஆல் வீல் டிரைவ் என்ன செய்கிறது என்று பார்த்தால் விடை துலங்கும். என்ஜினின் விசையை இரண்டு சக்கரங்களுக்குப் பதிலாக நான்குக்கும் அது பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மற்றவை பிடித்து இழுக்கும். சிக்னலில் இருந்து கிளம்பவும், மேட்டில் ஏறவும், பனி அகற்றும் வண்டி வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போன பனிவரப்பைத் தாண்டவும் அது உண்மையாகவே உதவும். ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது அதற்கு வேலையே இல்லை. எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. நிறுத்துவதும் வளைவில் பிடித்து வைப்பதும் சாலையைத் தொடும் நான்கு உள்ளங்கை அகல ரப்பர்தான்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை நிறுத்த, உலர்ந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 12 மீட்டர் போதும். அமுங்கிய பனியில் ஆல் சீசன் டயரின் உராய்வுக் கெழுவை 0.2 என்றும், நல்ல விண்டர் டயருடையதை 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். பனியின் தன்மையும் குளிரும் மாறமாற இந்த எண்களும் மாறும். ஆனாலும் இவை நடைமுறைக்கு நெருக்கமானவை. விண்டர் டயர் போட்ட கார் ஏறத்தாழ 33 மீட்டரில் நிற்கும். ஆல் சீசன் டயர் போட்டது நிற்க 49 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர். அந்த இடத்தில் ஒரு பாதசாரி நின்றிருந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் ஆல் வீல் டிரைவுக்கு எங்கேயும் இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்சக்கர இழுவைக் கார் வழுக்கும் சாலையில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் கார் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும். ஓட்டுபவருக்குச் சாலையின் வழுக்கல் தெரியாது. புதிதாகப் பனியில் ஓட்டுபவர்கள், பின்னால் யாரும் வராத தெருவில், குறைந்த வேகத்தில், பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. மிதிக்கட்டை காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காக்கிறது என்று பொருள். அன்றைக்கு முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு தள்ளியே போக வேண்டும்.

டயருக்கு டயர் இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? ஊரில் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அதுபோல ஆல் சீசன் டயரின் ரப்பரும் குளிரக் குளிர விறைக்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் அதன் பிடிமானம் குறையத் தொடங்குகிறது. விறைத்த ரப்பரால் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து பிடிக்க முடியாது. விண்டர் டயரின் கலவையோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். அதன் கட்டைகளில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. அவை விரிந்து பனியைக் கடிக்கும். ஆகவே பனி விழாத, வெறும் குளிரான நவம்பர் காலையிலும் இந்த டயருக்கு வேலை இருக்கிறது.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருப்பதைக் காட்டி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று சிலர் விற்பார்கள். அது டயரின் பள்ள அமைப்பை மட்டும் குறிப்பது. அதன் பின்னால் பனிச் சோதனை எதுவும் இல்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்படிகமும் வரைந்த சின்னம்தான் தேவை. அதுவும்கூடப் பனியில் எவ்வளவு நன்றாக இழுக்கும் என்று சோதித்துத் தரப்படுவது. கண்ணாடி போன்ற ஐஸில் எப்படி நிற்கும் என்பதற்கு உறுதி சொல்லாது. ஆல் வெதர் என்று தனியாக ஒரு வகை உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது ஆல் சீசன் அல்ல. மலைச் சின்னம் பெற்றது, ஆண்டு முழுவதும் ஓட்டலாம். டயர்களை வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்து, நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது நியாயமான சமரசம். கடுங்குளிரில் அது முழு விண்டர் டயருக்கு ஈடாகாது.

காசு மிச்சம் பிடிக்க முன்சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு டயர் போடுவது ஆபத்தான சிக்கனம். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பிடிப்பில்லாத பின்பக்கம் வீசிச் சுழலும். நான்கும் ஒரே டயராக இருக்க வேண்டும். பழைய டயர் வாங்குவதென்றால், பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 3622 என்றால் 2022ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், சட்டப்படி ஓட்ட முடிந்தாலும் பனிக்கு அது உதவாது. தனி ரிம்மோடு வாங்கினால் பருவத்துக்குப் பருவம் மாற்றும் கூலி குறையும், டயரும் அடிபடாது. மாற்றியபின் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். போட்டிருப்பதை நிறுவனத்திடம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

சூடாக்கும் வசதிகளைச் சொகுசு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் சூடாக்குவது பார்வைக்கான கருவி. அவை ஐஸ் மூடிக் கிடந்தால் தடம் மாறும்போது பக்கத்து வண்டி தெரியாது. இருக்கைச் சூடும் பாதுகாப்போடு தொடர்புள்ளது. என்ஜின் சூடேறி வெப்பக் காற்று வரப் பல நிமிடங்கள் ஆகும். மின்சாரத்தில் சூடாகும் இருக்கையோ ஓரிரு நிமிடத்தில் இதமாகிவிடும். அதனால் தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடலாம். பஞ்சடைத்த கோட்டுக்கு மேல் போட்ட பெல்ட், மோதலில் பஞ்சு அமுங்கியதும் தளர்ந்துபோகும். குழந்தை இருக்கையில் இது இன்னும் முக்கியம்: கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

பழைய காரில் இவற்றைக் கோடையிலும் சோதிக்கலாம். இருக்கையின் சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, அடியையும் முதுகையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கெட்டிருப்பதுண்டு. பின்கண்ணாடியில் ஆவி படியச் செய்து சுவிட்சைப் போட்டால், அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் ஆவி கோடாக நிற்கும். வீட்டுக்குள்ளிருந்தே என்ஜினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட் பயனுள்ளதுதான். ஆனால் மூடிய கராஜுக்குள் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வெளியே நிற்கும் காரின் புகைக்குழாயைப் பனி மூடியிருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வின்னிபெக், எட்மன்டன் பக்கம் வேலை கிடைத்துப் போகிறவர்கள் மட்டும் என்ஜினைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். முன் கிரில்லில் தொங்கும் மின் பிளக் அதற்கு அடையாளம்.

இனி அந்த இரண்டு கார்களுக்கு வருவோம். பகலில் வேலைக்குப் போகும், நேரத்துக்குப் பனி அகற்றப்படும் நகரச் சாலைகளில் ஓட்டும் குடும்பத்துக்கு, விண்டர் டயர் போட்ட செடான்தான் என் தேர்வு. கையில் மிஞ்சும் 1,745 டாலர், புதியவர்களுக்குக் கூடுதலாகவே வரும் காப்பீட்டின் முதல் தவணைகளுக்கு ஆகும். வீட்டின் வாசல்பாதை செங்குத்தாக இருந்தாலோ, பனி அகற்றும் வண்டிகள் வருவதற்குமுன் அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தாலோ, டொரொண்டோவுக்கு வடக்கே கிராமச் சாலைகளில் அன்றாடம் ஓட்டுவதானாலோ கிராஸ்ஓவரின் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போதும் விலையைக் குறைத்துப் பேசியோ, பழைய மாடலைத் தேடியோ டயருக்கான பணத்தை ஒதுக்கிய பிறகே வாங்க வேண்டும். ஆல் வீல் டிரைவ் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். நான்கு டயரும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்று பல மாடல்களில் நிபந்தனையும் உண்டு. ஒன்று கிழிந்தால் சிலசமயம் நான்கையும் மாற்ற நேரும்.

டயர் மாற்ற அக்டோபரிலேயே நாள் குறித்துவிடுங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது. வசந்தத்தில் காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேலே போனபின் கழற்றிவிட வேண்டும். அந்த மென்மையான ரப்பர் சூடான சாலையில் வேகமாகத் தேயும். கோடையில் அதைப் போட்டு ஓட்டினால் பிரேக் தூரமும் நீளும்.