"கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன்": உணவியல் நிபுணர் அதை எப்படிச் சரிபார்க்கிறார்?

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

உணவியல் நிபுணரைப் பார்க்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் பதிலும் உண்மையில் சாப்பிட்டதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வேண்டுமென்றே பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. மறதி, கூச்சம், அளவு தெரியாமை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஓர் உதாரணம் பார்ப்போம். 28 வயது ஆடவர், எடை 80 கிலோ, அலுவலக வேலை. அவர் சொன்னதைக் கூட்டினால் நாளுக்கு 1,500 கலோரி வருகிறது. 3 மாதமாக எடை மாறவில்லை.

அந்த வயதில் அந்த எடைக்கு, உடல் சும்மா இருந்தாலே சுமார் 1,900 கலோரி செலவாகும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அதைப்போல் சுமார் 1.4 மடங்கு, அதாவது ஏறக்குறைய 2,650 கலோரி தேவை. 1,500ஐ 1,900ஆல் வகுத்தால் 0.8தான். ஓய்வுக்கே போதாத உணவில் எடை அப்படியே நிற்குமா? கணக்கு உதைக்கிறது.

விடுபட்டது எங்கே?

நிபுணர் அவரைக் குற்றம் சொல்வதில்லை. கேள்வியை மாற்றிக் கேட்பார். "கோப்பி எத்தனை கப்? பால் போட்டா?" "சமைக்க எவ்வளவு எண்ணெய்?" "சனி, ஞாயிறு எங்கே சாப்பிடுவீங்க?" தே தாரிக், முறுக்கு, வார இறுதி விருந்து எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

கூட்டிச் சொல்வதும் உண்டா?

உண்டு. "பாட்டி நல்லாத்தான் சாப்பிடுறாங்க" என்று வீட்டில் சொல்வார்கள். தட்டில் வைத்ததைத்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள். மிச்சம் வைத்ததை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எடை குறைந்துகொண்டே போனால் சந்தேகம் வரும். ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலைசெய்வது போன்றவற்றாலும் எடை குறையலாம். அதனால் அவற்றையும் சோதிக்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

முதல் உதாரணத்திலும் அதே எச்சரிக்கை தேவை. அவர் நேற்று மட்டும் குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம். உடலில் நீர் கோத்திருந்தால் எடைக் குறைவு வெளியே தெரியாமலும் போகலாம்.

அறிக்கையில் என்ன எழுதவேண்டும்?

"1,500 கலோரி உண்கிறார்" என்று எழுதினால் தவறு. இப்படி எழுதலாம்: "ஒரு வார நாளின் உணவு பற்றி அவரே நினைவிலிருந்து சொன்னது, சுமார் 1,500 கலோரி. மதிப்பிட்ட தேவை சுமார் 2,650. எடை 3 மாதமாக நிலையாக உள்ளது. குறைத்துச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய், பானங்கள், வார இறுதி உணவு முழுமையாகப் பதிவாகவில்லை. உணவு வேளைகளை அறிய இத்தகவல் உதவும். மொத்தக் கலோரியை முடிவுசெய்ய உதவாது."

விடுபட்டதை ஈடுகட்ட எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டிவிடலாமே? கூடாது. பலர் இனிப்பையும் நொறுக்குத்தீனியையும் விட்டுவிடுவார்கள், காய்கறியை விடமாட்டார்கள். எல்லாவற்றையும் பெருக்கினால், அவர் சாப்பிடாத கீரையும் கணக்கில் ஏறிவிடும்!