ஜெனரேற்றருக்கு அத்திவாரம் போடுவது எப்படி?

சம்பூரிலிருந்து 2006ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பின. இப்படித் திரும்பியோர் மின்கம்பி எட்டாத தோட்டத்தில் கிணற்று மோட்டரையோ சிறு அரைக்கும் ஆலையையோ இயக்குவதற்கு டீசல் ஜெனரேற்றரை நாடுவதுண்டு. அதை வெறும் சீமெந்து நிலத்தில் வைத்து ஓட்டினால், சில மாதங்களில் நிலம் வெடிக்கும், போல்ற்றுகள் இளகும், குழாய்களும் முறியும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் தரும் டீசல் இயந்திரங்களில் பல நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்வன. அந்த உதறலைத் தாங்குவது கொங்கிரீற் கட்டியின் பாரமேயாகும்.

கட்டியின் அளவை இயந்திரத்தின் அடிச்சட்டத்திலிருந்தே கணிக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். அடிச்சட்டம் 4 அடி நீளம், 2 அடி அகலம். எண்ணெய், தண்ணீர் உட்பட இயந்திரத்தின் நிறை 450 கிலோ. சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் 6 அங்குலம் விட்டால் கட்டி 5 அடிக்கு 3 அடி, அதாவது 15 சதுர அடி. கட்டியின் பாரம் இயந்திரத்தைப் போல் மூன்று மடங்காவது இருப்பது நல்லது. ஆகவே 1350 கிலோ வேண்டும். ஒரு கன அடி கொங்கிரீற் ஏறக்குறைய 68 கிலோ. எனவே 20 கன அடி தேவை. அதை 15ஆல் பிரித்தால் 16 அங்குல ஆழம் வரும். நாம் 18 அங்குலம் வைத்துக் கொள்வோம்.

இதில் 12 அங்குலம் நிலத்துக்குள்ளும் 6 அங்குலம் வெளியிலும் இருக்கட்டும். மாரி வெள்ளம் இயந்திரத்தைத் தொடாது. கடற்கரை மணலாயின் தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள். மணல் இளக்கமாயிருந்தால் ஆழத்தைக் கூட்டுவதிலும் அகலத்தைக் கூட்டுவதே பலன் தரும். கொட்டிய மண்ணின் மேல் ஒருபோதும் போட வேண்டாம். உதறலில் அது தாழ்ந்து கட்டி சரியும். கொட்டில் நிலத்துக்கும் கட்டிக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தார் கலந்த மணலால் நிரப்புங்கள். இல்லாவிடில் சுவரில் வெடிப்பு வரும்.

சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலச் சல்லி நாலு என்பது கலவை. இக்கட்டிக்கு 10 கன அடி மணலும் 20 கன அடி சல்லியும் நாலு பை சீமெந்தும் போகும். போல்ற் குழிகளுக்கு ஒரு பை கூட வாங்குங்கள். கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் கூடவே கூடாது. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கட்டியைப் பிளக்கும்.

போல்ற்றுகளைக் கொங்கிரீற்றுடன் சேர்த்து வார்த்தால் அவை விலகிவிடும். அதனால் குழி விடுகிறோம். அடிச்சட்டத்தின் துளைகளை ஒரு பலகையில் அப்படியே குறித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு துளைக்கும் நேரே 4 அங்குலச் சதுரமும் 12 அங்குல ஆழமும் கொண்ட, எண்ணெய் பூசிய பலகைப் பெட்டியை நிறுத்தி வாருங்கள். மறுநாள் பெட்டியை உருவி, குழியின் உட்பக்கத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் நனைத்த பின், அடி வளைந்த அரை அங்குலப் போல்ற்றுகளைத் துளையிட்ட அதே பலகையில் நேராகத் தொங்கவிட்டு, சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்று, சிறு சல்லி இரண்டு என்ற கலவையால் குழிகளை நிரப்புங்கள். குழியின் இடைவெளி, போல்ற்றை ஓர் அங்குலம் வரை அசைத்துச் சரிபார்க்க உதவும். இன்னும் ஏழு நாள் நனையுங்கள். அதற்கு முன் நட்டை முறுக்கினால் போல்ற் பிடுங்கிக்கொண்டு வரும்.

இனி இறப்பர் மெத்தை. அரை அங்குலத் தடிப்பில், எண்ணெய் தாங்கும் இறப்பரை அடிச்சட்டத்தின் கீழ் வைக்க வேண்டும். பழைய டயர்த் துண்டு டீசல் பட்டு ஊதிப் பதங்கெடும். பலர் தவறவிடுவது ஒன்றுண்டு. போல்ற் சட்டத்தின் இரும்பை நேரே தொட்டால் உதறல் அதன் வழியே கட்டிக்கு இறங்கும், மெத்தை வீணாகும். ஆகவே துளை முக்கால் அங்குலமாயிருக்க, போல்ற்றுக்கு ஓர் இறப்பர்க் குழாய்த் துண்டை மாட்டி, மேலேயும் இறப்பர் வாசர் ஒன்றும் இரும்பு வாசர் ஒன்றும் வையுங்கள். இறப்பர் சற்றே அமுங்கும்வரை மாத்திரம் முறுக்கி, இரண்டாவது நட்டால் பூட்டுங்கள். இயந்திரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே கம்பனியே இறப்பர் வைத்திருந்தால் இந்த மெத்தை தேவையில்லை.

ஓட விட்டபின் கட்டியின் மேல் ஒரு குவளை தண்ணீர் வையுங்கள். தண்ணீர் இலேசாக நடுங்கலாம். தளும்பினால் நட்டுகளையும் அடி மண்ணையும் பாருங்கள். குழி மூலையிலிருந்து வெடிப்பு ஓடினால் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

இன்னும் தற்காலிகக் காணியில் இருப்போர் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒன்றரைத் தொன் கட்டியைத் தூக்கிச் செல்ல முடியாது. காணி உறுதியாகும்வரை, இரண்டு தடித்த பனங்குற்றிகளை மண்ணில் அரைவாசி புதைத்து அவற்றின் மேல் சட்டத்தைப் பூட்டுவது போதும். போல்ற்றுகளை அடிக்கடி முறுக்க நேரும். ஆனால் போகும்போது எல்லாம் உங்களுடன் வரும்.