இண்டிகேட்டர் படபடவென அடித்தால் உடனே ரிலேயை மாற்ற வேண்டாம்

சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் டிராக்டர்கள் பல நேரம் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகின்றன. பின்னால் வரும் லாரிக்காரருக்கு, டிராக்டர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று சொல்வது அந்த மஞ்சள் விளக்கு ஒன்றுதான்.

திருவாரூர் பக்கம் ஒரு விவசாயியின் டிராக்டரில் இடது இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக அடித்தது. வலது பக்கம் சரியாக இருந்தது. கடையில் சொன்னபடி புது பிளாஷர் ரிலே வாங்கிப் போட்டார். மாற்றம் இல்லை. தரம் சரியில்லையோ என்று இன்னொன்றும் வாங்கினார். அதற்கும் அதே கதை.

இரண்டு பக்கத்துக்கும் இருப்பது ஒரே ரிலே. வலது பக்கம் சரியாக அடிக்கும்போது ரிலேயைச் சந்தேகிக்கவே தேவையில்லை. சரியான வேகம் என்பது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 21 வாட் பல்புகள் இரண்டும் எரிந்தால் சுமார் மூன்றரை ஆம்பியர் மின்சாரம் ஓடும். ஒன்று எரியாவிட்டால் அது பாதியாகக் குறையும். இப்போதைய எலக்ட்ரானிக் ரிலே அதைக் கண்டுகொண்டு வேகமாக அடித்து ஓட்டுநருக்குத் தெரிவிக்கிறது. அதாவது ரிலே தன் வேலையைச் செய்கிறது. (பழைய வெப்பக் கம்பி ரிலேயில் இது வேறுமாதிரி. ஒரு பல்பு போனால் மற்றது விட்டு விட்டு எரியாமல் நின்றே எரியும், அல்லது மிக மெதுவாக அடிக்கும்.) 21 வாட்டுக்குப் பதில் 10 வாட் பல்போ எல்.இ.டி.யோ மாட்டினாலும் மின்சாரம் குறைந்து வேகமாகத்தான் அடிக்கும். எல்.இ.டி. போட விரும்பினால் அதற்கென்று உள்ள ரிலேயையே போட வேண்டும்.

அந்த டிராக்டரில் இடது பின் விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றி பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தால் நன்றாக எரிந்தது. அப்படியென்றால் கோளாறு எர்த்தில் இருக்கலாம். சோதிக்க ஒரே ஒரு ஒயர் போதும். வீட்டு வேலைக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. ஒயர் நான்கு மீட்டர் எடுத்து இரு முனையிலும் கிளிப் மாட்டிக்கொள்ளலாம். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எரியாத விளக்கின் ஹோல்டர் உலோகத்திலும் பிடிக்க வேண்டும். பிடித்ததும் விளக்கு எரிந்தது, வேகமும் இறங்கிவிட்டது. ஒயர் தவறிப்போய் பாசிட்டிவில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

காரணம், போன பொங்கலுக்கு மட்கார்டுக்கு அடித்த பெயின்ட். விளக்கின் பிராக்கெட்டுக்கும் மட்கார்டு தகட்டுக்கும் நடுவில் பெயின்ட் படிந்து எர்த்தை மறித்துவிட்டது. போல்ட்டு உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதோடு வேலை முடிந்தது.

எர்த் கெட்டிருப்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து டெயில் லைட்டும் மங்கலாகக் கூடவே துடிக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அடுத்த பல்பின் வழியாகப் போவதுதான் இது. டிரெய்லரில் இது அடிக்கடி நடக்கும். கொக்கி முள்ளின் வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். துருவும் கிரீஸும் சேர்ந்து அது குலுங்கும்போதெல்லாம் அறுந்து சேரும். டிரெய்லர் விளக்குகளுக்குத் தனி எர்த் ஒயரை இழுத்து பிளக் வழியாகக் கொண்டுவருவதே உறுதியானது.

இரண்டு பக்கமும் எதுவுமே எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ். ஃபியூஸ் நன்றாக இருந்து, இரு பக்கமும் துடிக்காமல் நின்று எரிந்தால் அப்போது ரிலேயை மாற்றலாம்.

அதே டிராக்டரில் ஹாரனும் தொண்டை கட்டியதுபோல் இருந்தது. ஹாரனை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்தார்கள். ஹாரனை அழுத்தியபடி பேட்டரியில் 12.4 வோல்ட், ஹாரனின் இரு முனைகளில் 8.9 வோல்ட். வழியில் 3.5 வோல்ட் தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹாரனின் எர்த் முனையிலும் வைத்தபோது 0.4 வோல்ட்தான் காட்டியது. ஆகவே எர்த் பெரிய குற்றவாளி இல்லை, மீதி 3.1 வோல்ட் பட்டனுக்கு வரும் வழியில் போகிறது. பட்டனைக் கழற்றினால் உள்ளே இரு தகடுகளும் கருகியிருந்தன.

பட்டனை மட்டும் தேய்த்தால் சில மாதங்களில் மீண்டும் கருகும். அதனால் ஒரு நான்கு முனை ரிலே போட்டார்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ம் எண் முனைக்கு ஒயர், 87-லிருந்து ஹாரனுக்கு. பட்டனிலிருந்து ஹாரனுக்குப் போன பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இப்படிச் செய்தால் பட்டன் வழியாக ரிலே சுருளுக்குத் தேவையான சிறு மின்சாரம் மட்டுமே போகும். பட்டன் எர்த்தை இணைக்கும் வகை வண்டியாக இருந்தால் 86-ஐ பாசிட்டிவிலும் 85-ஐ பட்டனிலும் கொடுக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும்.

பின்னர் அழுத்தும்போது ரிலே 'டக்' என்றும் ஹாரன் சத்தமில்லை என்றால் கோளாறு 30-க்கு வரும் ஃபியூஸ், ரிலேயின் உள் தகடுகள் அல்லது ஹாரன் பக்கம்; 'டக்' சத்தமே இல்லையென்றால் பட்டன், சுருளின் எர்த் அல்லது ரிலே. ஹாரனின் முதுகில் உள்ள சிறு திருகை எல்லோரும் முதலில் திருப்புகிறார்கள். 11.5 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சத்தம் கம்மியாக இருந்தால் மட்டும், அது நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிப் பார்க்கலாம்.