மாதம் இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு புரோகிராம் தேவையா?

நான்கு கிளைகள் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் மாலையில் அலுவலக ஊழியர் ஒருவர் நான்கு கிளைகளின் விற்பனைப் பட்டியலையும் வரவழைத்து, ஒரே எக்செல் தாளில் ஒட்டிக் கூட்டி, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அரை மணி நேர வேலை. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 150 மணி நேரம். இதை இன்னுமா கையால் செய்வது என்று யாருக்கும் தோன்றும்.

கணக்குப் போட்டால் வேறு பதில் வருகிறது. ஊழியரின் சம்பளம் மணிக்கு 90 ரூபாய் என்றால், 150 மணி நேரத்துக்கு 13,500 ரூபாய். புரோகிராமர் மணிக்கு 500 ரூபாய் கேட்கிறார். எழுத 40 மணி நேரம், ஆகவே 20,000 ரூபாய். செலவு அதோடு நிற்காது. ஒரு கிளை தன் பட்டியலில் தலைப்பை மாற்றினாலே புரோகிராம் திணறும். பராமரிப்புக்கு மாதம் 2 மணி நேரம் வைத்தால் ஆண்டுக்கு 12,000. மிஞ்சுவது 1,500 ரூபாய்தான். போட்ட முதல் திரும்ப 13 ஆண்டுக்கு மேல் ஆகும். ஒருநாள் கூட்டல் தப்பினாலும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

அதே மேசையில் மாதம் ஒருமுறை ஜிஎஸ்டி கணக்குக்காக பில்களைத் தொகுக்கும் வேலையும் நடக்கிறது. மாதம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 2,160 ரூபாய். புரோகிராம் எழுத 8,000, பராமரிப்பு ஆண்டுக்கு 3,000. நேரத்தை மட்டும் பார்த்தால் நஷ்டம்.

ஆனால் இங்கே தவறுக்கு விலை உண்டு. ஒட்டும்போது சில பில்கள் விடுபட்டு ஒரு லட்சம் ரூபாய் வரி குறைந்துபோனால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. எட்டு மாதம் கழித்துத் தெரிந்தால் 12,000 ரூபாய். பில் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறாததால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. வாடிக்கையாளர் கோபத்தோடு போன் செய்வார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடக்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆபத்துச் செலவு. அதையும் சேர்த்தால் சுமார் ஒன்றரை ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

புரோகிராமும் தவறும் என்பதுதான் அடுத்த சிக்கல். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைத் தானாகவே எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. கையால் செய்பவருக்குப் பட்டியல் பாதியில் நிற்பது ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும்.

அதனால் மாதக் கணக்கை முதலில் மாற்றலாம். தினசரி அறிக்கை இப்போதைக்குக் கையாலேயே நடக்கட்டும். புரோகிராம் எழுதும்போது, கிளைகள் அனுப்பிய பில்களின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இறுதித் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்தும் சரிபார்ப்பையும் கேட்டு வாங்குங்கள்.